ரிலீவ் ஆகும் தேதி வரை ராஜினாமா உங்கள் கையில்தான்

"கும்பகோணம் பக்கத்தில் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பா நெல் வரத்து நேரத்தில் குடோனில் மூட்டை குறைகிறது என்று முதலாளியின் மகன் ரூமுக்குக் கூப்பிட்டு, 'எழுதிக் கொடுத்துட்டா கௌரவமாப் போயிடலாம், இல்லேன்னா போலீசுக்குப் போவோம்' என்றார். பயத்தில் பிப்ரவரி 12 அன்று ஒரு மாச நோட்டீஸ் போட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மறுநாளே 'ஏற்றுக்கொள்ளப்பட்டது, மார்ச் 11 மாலையோடு விடுவிக்கப்படுவீர்கள்' என்று கடிதம் வந்துவிட்டது. இன்றைக்கு 24. தினமும் வேலைக்குப் போகிறேன். இப்போது வாபஸ் வாங்க முடியுமா? ஏற்றுக்கொண்ட பிறகு முடியாது என்கிறார்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று போடச் சொல்கிறார் நண்பர். எது சரி?"

வாபஸ் வாங்கலாம், மார்ச் 11 மாலை வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரத்திலேயே செய்யுங்கள். தொழிலாளர் வழக்குகளைத்தான் நான் அதிகமாக நடத்துகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க இருந்து இதே மாதிரி ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் ரிலீவ் ஆகி, செட்டில்மென்ட் பணத்தையும் வாங்கி முடித்த பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே கேட்டிருப்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏற்றுக்கொண்டாகிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று மில்லில் சொல்கிறார்களே, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நீங்கள் எழுதியது "இன்றோடு வேலையை விடுகிறேன்" என்ற கடிதமா, "இன்ன தேதியில் விடுகிறேன்" என்ற கடிதமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேதி ஏதும் போடாமல் உடனே விடுகிறேன் என்று எழுதினால், நிர்வாகம் ஏற்றுக்கொண்ட கணத்தில் உறவு முறிந்துவிடும், அதன் பிறகு வாபஸ் எடுபடாது. 1968-ல் ராஜ்குமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான், மில்காரர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தத் தீர்ப்பின் சாரத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உங்கள் கடிதமோ ஒரு மாதம் கழித்து நடக்கப்போகும் ஒன்றைப் பற்றியது. அந்த நாள் வரும்வரை நீங்கள் மில்லின் ஊழியர்தான், சம்பளம் ஓடுகிறது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். உறவு முறியாத வரை அதை முறிக்கப்போவதாகச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இது 1978-லேயே தீர்ந்த விஷயம். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே 7 அன்று, ஆகஸ்ட் 1 முதல் பதவி விலகுவதாகக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலை 15 அன்று மனம் மாறி வாபஸ் வாங்கினார். செல்லுமா செல்லாதா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்காலத் தேதி போட்ட ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன்னால் வாபஸ் வாங்கலாம், சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ அரசியலமைப்பிலோ தடை இல்லாவிட்டால் போதும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அது நீதிபதி பதவி ஆயிற்றே, அங்கே யாரும் ஏற்றுக்கொள்ளவே தேவையில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். அதற்கு 1987-ல் பல்ராம் குப்தா வழக்கில் பதில் கிடைத்தது. அவர் மத்திய அரசு ஊழியர், விருப்ப ஓய்வு நோட்டீஸ் கொடுத்தார், அரசு ஏற்றும் கொண்டது, ஆனால் நோட்டீஸ் தேதி வருவதற்கு முன் வாபஸ் கேட்டார், நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

இதைவிட உங்கள் கதைக்கு நெருக்கமானது பெங்களூரு பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஸ்ரீகாந்தா வழக்கு, தீர்ப்பு 2005. 1993 ஜனவரி 4 அன்று அவர் ராஜினாமா கொடுத்தார், நிறுவனம் அன்றைக்கே ஏற்றுக்கொண்டது. ஆனால் மீதமிருந்த தற்செயல் விடுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஜனவரி 15 மாலை விடுவிப்பதாக எழுதினார்கள். 8-ஆம் தேதி அவர் வாபஸ் கடிதம் கொடுத்தார். 4-ஆம் தேதியே ஏற்றுவிட்டோம் என்று நிறுவனம் வாதாடியது. 15 வரை விடுப்பு கொடுத்து ஊழியராக வைத்திருந்தது நீங்கள்தானே, அப்படியானால் அதுவரை உறவு இருந்திருக்கிறது, 8-ஆம் தேதி வாபஸ் செல்லும் என்று தீர்ப்பானது. உங்களுக்கு வந்த கடிதத்தில் "மார்ச் 11 மாலையோடு" என்று மில்காரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அந்த வரிதான் உங்களுக்கு முக்கியமான சாட்சி. கடிதத்தின் அசலைப் பத்திரமாக வீட்டில் வையுங்கள், மில் மேஜை டிராயரில் வேண்டாம்.

வாபஸ் கடிதம் போனதும் பதறிப்போய் "முன்தேதியிட்டு இன்றைக்கே விடுவிக்கிறோம்" என்று அவர்கள் இன்னொரு கடிதம் கொடுக்கலாம். ஊழியர் சொன்ன தேதியை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு முன்னால் இழுக்க முடியாது என்று பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 1989-ல் தீர்ப்பு இருக்கிறது. அந்த ஊழியர் ஜூன் 30-ல் விலகுவதாகச் சொன்னார், வங்கி பிப்ரவரி 7 முதலே ஏற்றதாக எழுதியது, அவர் ஏப்ரலில் வாபஸ் வாங்கினார், அது செல்லும் என்றார்கள். ஆனால் அங்கே வங்கியின் சேவை விதிகள் இருந்தன. உங்களுக்கு விதி என்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான். அதில் நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து உடனே விடுவிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தால் அவர்கள் வாதம் கொஞ்சம் பலமாகும். அப்போதும், வாபஸ் கடிதம் கையில் வந்த பிறகு அந்த உரிமையைப் பயன்படுத்தினால் அது பழைய ராஜினாமாவை ஏற்பது ஆகாது, நிர்வாகம் தானே வேலையை விட்டு நீக்குவது ஆகும் என்பது என் வாதமாக இருக்கும். அந்த வாதம் நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் சொல்லமாட்டேன், நிற்கக்கூடிய வாதம் என்று சொல்வேன். நான் அந்த ஆர்டரைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக அதை எடுத்து, ராஜினாமா பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, "ஏற்றபின் திரும்பப் பெற இயலாது" என்று ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் படித்துப் பாருங்கள். மேலே சொன்ன "ஒப்பந்தத்தில் தடை" என்பது இப்படிப்பட்ட வரிதான். நம் பக்கத்து மில்களில் பலருக்கு ஆர்டரே கொடுத்திருக்கமாட்டார்கள், இந்த ஒரு விஷயத்தில் அது உங்களுக்கு நல்லதாகவே முடியும்.

நிர்வாகம் நியாயமாகவே மறுக்கக்கூடிய இடமும் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. உங்கள் ராஜினாமாவை நம்பி அவர்கள் வேறு ஏற்பாடு செய்து, அதிலிருந்து பின்வாங்க முடியாத நிலைக்குப் போயிருந்தால் நீதிமன்றம் தயங்கும். 2019-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானி ஒருவர் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அது முடியும் தறுவாயில் வாபஸ் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. விமானிகளுக்கு அவ்வளவு நீண்ட நோட்டீஸ் வைத்ததே பயணிகளின் நலனுக்காக, அந்தக் காலத்துக்குள் மாற்று ஆளைத் தயார் செய்வதற்காக என்பதுதான் காரணம். ரைஸ் மில் கணக்கருக்கு அந்த அளவு பொதுநலன் காரணம் காட்ட முடியாது. ஆனாலும் "புது ஆளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும் வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? இந்த வாரமே எழுதச் சொல்வது அதனால்தான்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே இல்லை, அது நிர்வாகம் செய்த வேலை நீக்கம் என்றுதான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். ஆனால் கட்டாயம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. உங்கள் கடிதத்தை எதிர்த்தரப்பு வக்கீலின் கண்ணால் பாருங்கள். சொந்தக் கையெழுத்தில், சொந்த வார்த்தையில், ஒரு மாத நோட்டீஸோடு இருக்கிறது. மிரட்டி எழுத வைத்தவன் ஒரு மாசம் கூடவே வைத்துக்கொள்வானா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். பிறகு பன்னிரண்டு நாள் அதே மில்லில் வேலை பார்த்திருக்கிறார், யாரிடமும் புகார் இல்லை என்பார். "விசாரணையைச் சந்திக்கிறாயா, விலகிக்கொள்கிறாயா" என்று கேட்பதை மட்டும் வைத்து அது கட்டாயம் என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை, ஊழியருக்கு இரண்டு வழி கொடுத்தார்கள், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் பார்ப்பார்கள். போலீசுக்குப் போவோம் என்ற மிரட்டல் அதைவிடக் கனமானது, பொய்ப் புகார் கொடுப்போம் என்ற மிரட்டல் என்று காட்ட முடிந்தால் சட்டப்படி அது வற்புறுத்தல்தான். ஆனால் ரூமுக்குள் இருந்தது நீங்களும் அவரும் மட்டும்தானே, சாட்சிக்கு யார்?

எது நிஜமாகவே எடுபடும் என்பதற்கு ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு ஆலையில் மேற்பார்வை பார்த்தவருடைய ராஜினாமா சமரசப் பேச்சில் மேஜைக்கு வந்தது. ஒரு பிழை இல்லாத இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம், கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்து. எட்டாவதுக்கு மேல் படிக்காதவர் அவர், லீவு லெட்டர் எல்லாம் கோணல்மாணலான தமிழில்தான் கொடுத்திருந்தார். தாளின் மேல் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது, ஆலையின் லெட்டர்பேடில் பெயர் இருந்த பகுதியைத்தான் வெட்டியிருந்தார்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீர்க்குறி தெரிந்தது. அதோடு, அன்று மாலையே அவர் தொழிலாளர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தந்தி வாசகம் போல ஒரு பக்கப் புகாரைத் தபாலில் போட்டிருந்தார், தபால் முத்திரையில் அதே தேதி. அதற்கு மேல் நிர்வாகம் வாதாடவில்லை, வேலையைத் திருப்பிக் கொடுத்து, சம்பளப் பாக்கியில் ஒரு பகுதியும் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அவரைக் காப்பாற்றியது அந்தத் தாளும் அன்றைய தபால் முத்திரையும்தான். இரண்டு மாதம் கழித்து வந்து மிரட்டினார்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்கமாட்டார்கள். உங்களிடம் அப்படிப்பட்ட தாளும் இல்லை, அன்றைய புகாரும் இல்லை.

ஆகவே உங்கள் கையில் ஒரு பலமான வாதமும் ஒரு பலவீனமான வாதமும் இருக்கின்றன. வாபஸ் கடிதத்தில் கட்டாயப்படுத்தினார்கள் என்பதை மட்டும் எழுதினால், மில்காரர்கள் "நாங்கள் கட்டாயப்படுத்தவே இல்லை" என்று பதில் போட்டு முழுச் சண்டையையும் அந்த ரூமுக்குள் கொண்டுபோய்விடுவார்கள், தேதி என்ற வெளிப்படையான விஷயம் அடியில் போய்விடும். எதிர்காலத் தேதிக்கு முன் வாபஸ் வாங்க நீங்கள் காரணமே சொல்லத் தேவையில்லை, கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செல்லும். அதை முதலில் தனியாக, நிபந்தனை இல்லாமல் எழுதுங்கள். மிரட்டியது உண்மை என்பதால் அதையும் பதிவு செய்யத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவது பத்தியில், யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை என்று நடந்ததை நடந்தபடி நாலு வரியில். கூட்டிச் சொல்லாதீர்கள்.

கடித வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்: "12.02 அன்று நான் அளித்த ராஜினாமாக் கடிதத்தை இதன் மூலம் வாபஸ் பெறுகிறேன். அது நடைமுறைக்கு வரும் நாள் 11.03 என்று தங்கள் 13.02 தேதியிட்ட கடிதத்தில் குறிப்பிட்டுள்ளீர்கள். நான் இன்னும் விடுவிக்கப்படவில்லை, தொடர்ந்து பணியில் இருக்கிறேன், தொடர்ந்து பணிபுரியத் தயாராக இருக்கிறேன்." இதில் "வாபஸ் பெற அனுமதிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் ஆட்களுக்குக் கடிதம் என்றாலே கை தானாக அப்படித்தான் எழுதும். அனுமதி கேட்டால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருப்பதாக நீங்களே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

கடிதம் மார்ச் 11-க்கு முன்னால் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும், நீங்கள் போஸ்ட் செய்த தேதி மட்டும் போதாது. நேரில் ஒரு பிரதி கொடுத்து நகலில் முத்திரை கேளுங்கள், தரமாட்டார்கள், பரவாயில்லை. அன்றைக்கே தபால் நிலையத்தில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், எனவே கவுண்டரில் ஒப்புகையோடு போக வேண்டும் என்று சொல்லி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். மில்லின் ஈமெயிலுக்கும், ஏற்புக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதே எண்ணுக்கும், கடிதத்தின் படத்தை அனுப்புங்கள். பிறகு வழக்கம்போல வேலைக்குப் போங்கள். கேட்டில் நிறுத்தினால் சண்டை போடாமல் திரும்பி வந்து, இன்ன தேதி இன்ன நேரம் வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை என்று அன்றே இன்னொரு தபால். நிர்வாகம் பின்னால் "அவரே வரவில்லை" என்று சொல்வது இதனால் அடைபடும்.

செட்டில்மென்ட் ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள், பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்ட வழக்குகளில் 2002-ல் உச்ச நீதிமன்றம், பணத்தை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வாபஸ் பேச முடியாது என்று சொல்லிவிட்டது. கேட்காமலே கணக்கில் போட்டுவிட்டால், ஆட்சேபத்தோடுதான் இருக்கிறது, சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் என்று உடனே எழுதிவிடுங்கள். இடையே "ராஜினாமா பண்ணலேன்னா கிராஜுவிட்டியும் போயிடும்" என்று பயம் காட்டினால் அதை நம்ப வேண்டாம். ஐந்து வருஷம் முடித்தவருக்கு எப்படி விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு, உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வைத்தால் பதினோரு வருஷத்துக்குச் சுமார் 1,14,000 வரும். ஒழுங்கீனத்துக்காக வேலை நீக்கம் செய்து, அதனால் நஷ்டம் என்றோ, அது திருட்டு போன்ற ஒழுக்கக்கேடான குற்றம் என்றோ காட்டினால்தான் அதில் கை வைக்க முடியும், அதற்கு முதலில் முறையான விசாரணை நடக்க வேண்டும்.

அந்த விசாரணை வரக்கூடும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாபஸ் வாங்குவதால் வேலை மிஞ்சும், மூட்டைக் கணக்குப் பிரச்சினை தீராது. திரும்பி வந்த மறுநாளே சார்ஜ் மெமோவும் சஸ்பென்ஷனும் கொடுக்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கொடுத்தாக வேண்டும். உங்கள் பக்கம் சுத்தமாக இருந்தால் விசாரணைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. எடைமேடைச் சீட்டு, குடோன் வரவுப் பதிவேடு, ஈரப்பதக் கழிவு எழுதிய நோட்டு, இதில் எதில் உங்கள் கையெழுத்து, எதில் குடோன் கீப்பர் கையெழுத்து என்று இப்போதே குறித்து வையுங்கள், சஸ்பெண்ட் ஆன பிறகு உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். அசல் பதிவேடுகளை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதுவே ஒரு குற்றச்சாட்டாகிவிடும். கணக்கில் உங்களுக்கே பதில் சொல்ல முடியாத ஓட்டை இருக்கிறது என்றால் வாபஸ் வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், அந்த முடிவை எழுத்தில் நான் சொல்ல முடியாது.

மார்ச் 11-க்குப் பிறகும் அவர்கள் உள்ளே விடவில்லை என்றால் மாவட்டத்தில் உள்ள சமரச அதிகாரியிடம், அதாவது தொழிலாளர் உதவி ஆணையரிடம், மனுக் கொடுக்கலாம். 45 நாளில் முடிவு வராவிட்டால் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டு கெடு இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அது இரண்டு ஆண்டு. நீங்கள் கணக்கெழுதும் வேலையில் இருப்பதால் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவீர்கள், அதனால் வேலையையே திருப்பிக் கொடு என்று உத்தரவிட வழி இருக்கிறது. இதே கேள்வியை அந்த மில்லின் மேனேஜர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகப் பதவியில் இருப்பவர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார், தனியார் முதலாளியை ஒருவரை வேலையில் வைத்துக்கொள் என்று சிவில் நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது, அவருக்கு வாபஸ் சட்டப்படி செல்லும் என்றாலும் கையில் கிடைப்பது நஷ்ட ஈடு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தைத் தாண்டாது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலோ சம்பளச் சீட்டிலோ திடீரென்று "மேனேஜர் - அக்கவுன்ட்ஸ்" என்று பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயரைப் பார்க்கமாட்டார்கள், என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள், ஆனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான், அதனால் நீங்கள் தினமும் எழுதிய லெட்ஜர் பக்கங்கள் எவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.